விளக்கு எரிகிறது, ஆப் மட்டும் தேடுகிறது

அக்கா வீட்டு கீசருக்குப் புதிதாக ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கியிருந்தார்கள். பிளக்கின் விளக்கு படபடவென்று மின்னுகிறது. ஆப் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, "சாதனம் கிடைக்கவில்லை" என்கிறது. "பாஸ்வேர்டை நாலு தடவை சரிபார்த்துட்டேன் மாமா" என்றான் அக்கா மகன். அவன் சொன்னது சரி. தவறு பாஸ்வேர்டில் இல்லை.

இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். போன் வேகமான ஐந்தைப் பிடித்துக்கொள்ளும். பிளக், பல்பு போன்றவற்றில் உள்ள மலிவான சிப்புக்கோ பெரும்பாலும் 2.4 மட்டுமே தெரியும். இந்த வகை ஆப், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போனிலிருந்து காற்றில் அனுப்புகிறது. பிளக் அதை ஒட்டுக்கேட்டு அறிந்துகொள்கிறது. போன் ஐந்தில் பேசினால் இரண்டு புள்ளி நாலில் காத்திருக்கும் பிளக்கின் காதில் எதுவும் விழாது.

இது பையனுக்கும் பிடிபட்டிருந்தது. அவர்கள் ரவுட்டரில் விருந்தினர் வைஃபை 2.4-ல் மட்டும் இயங்கியதால் போனை அதில் சேர்த்து மறுபடி முயன்றிருக்கிறான். இந்த முறை பிளக்கின் விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. ஆப் மட்டும் அதே பல்லவியைப் பாடியது.

இந்த இடத்தில்தான் பலரும் பிளக்கைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும். முகவரி வேறாக இருந்தால் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பட்டியலில் பிளக் இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலைவரிசையை. பிளக் இருந்தும் ஆப் காணவில்லை என்றால், ரவுட்டர் இரண்டையும் பேசவிடாமல் பிரித்து வைத்திருக்கக்கூடும்.

அக்கா வீட்டுப் பட்டியலில் பிளக் இருந்தது. விருந்தினர் வைஃபையில் சேரும் சாதனங்கள் இணையத்துக்குப் போகலாம், பக்கத்துச் சாதனத்தோடு பேசக்கூடாது என்பது வழக்கமான ஏற்பாடு. அதனால் "நான் சேர்ந்துவிட்டேன்" என்று பிளக் அனுப்பிய பதில் போனுக்கு வந்து சேரவில்லை. சில ரவுட்டர்களில் முதன்மை வைஃபையிலும் AP Isolation என்ற பெயரில் இதே தடை இருக்கும்.

விருந்தினர் வைஃபையின் தடையை நான் நீக்கவில்லை. வந்துபோகிறவர்களின் போன் வீட்டுச் சாதனங்களைத் தொடாமல் காப்பது அதுதான். முதன்மை வைஃபையில் Smart Connect என்பதை அணைத்து, 2.4-க்குத் தனிப் பெயர் வைத்தோம். போனை அதில் சேர்த்து, பிளக்கின் பொத்தானை விளக்கு மறுபடி வேகமாக மின்னும்வரை அழுத்திப் பிடித்தோம். ஒரு நிமிடத்துக்குள் ஆப்பில் பிளக் வந்துவிட்டது.

பிறகு போனை ஐந்துக்கே மாற்றிக்கொண்டான். இரண்டும் ஒரே ரவுட்டரின் முதன்மை வைஃபை என்பதால், கீசர் ஆப்பின் சொல்லைக் கேட்கிறது.