இதயத் துடிப்பு நகர்வு

இதயத் துடிப்பு நகர்வு என்பது, வேகம் மாறாமல் நெடுநேரம் ஓடும்போது இதயத் துடிப்பு மட்டும் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே செல்வதாகும். ஓடத் தொடங்கிச் சுமார் 10 நிமிடங்களுக்குப் பின் இது தென்படும். வெப்பம் மிகுந்தால் ஏற்றமும் மிகும்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் மே மாதக் காலையில் ஒருவர் சீரான வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் அவரது இதயம் ஒரு துடிப்புக்கு 120 மில்லிலிட்டர் குருதியை வெளியேற்றுகிறது; நிமிடத்துக்கு 150 துடிப்புகள் எனில் மொத்தம் 18 லிட்டர். வியர்ப்பதால் குருதியின் நீர்மம் குறைகிறது. உடலைக் குளிர்விக்கக் குருதியின் ஒரு பகுதி தோலுக்குச் செல்கிறது. இதனால் ஒரு துடிப்புக்கு 108 மில்லிலிட்டரே வெளியேறுமானால், அதே 18 லிட்டருக்கு ஏறக்குறைய 167 துடிப்புகள் தேவை.

இவ்விளக்கம் முழுமையானதன்று. உடல் வெப்பநிலை உயர்வதே துடிப்பை விரைவுபடுத்துகிறது. அப்போது இதய அறை நிரம்பும் நேரம் குறைந்து, வெளியேறும் அளவும் குறைகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மிதிவண்டி மிதித்தவர்களின் துடிப்பு உயராதபடி பீட்டா தடுப்பு மருந்து கொடுத்தபோது, அந்த அளவு குறையவில்லை.

துடிப்பு அளவி 167 எனக் காட்டுவதால் ஓட்ட வேகம் கூடியதாகப் பொருளில்லை. ஆயினும் அதைக் கருவியின் பிழை என ஒதுக்குவதும் தவறு. வெப்பத்தில் உடலின் உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பு குறைவதால், அதே வேகம் உண்மையிலேயே கூடுதல் சுமையாகிறது. நீர் அருந்துவது நகர்வைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.