எடை குறைந்தால் தெரியுமா?

500 கிராம் பாக்கெட்டில் சராசரி எடை சரியா என்று பார்க்க, ஓர் ஆலை 25 பாக்கெட்டுகளை நிறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையின் திட்ட விலக்கம் 10 கிராம். மாதிரிச் சராசரி 496.08-க்குக் கீழே போனாலோ 503.92-ஐத் தாண்டினாலோ இயந்திரத்தில் கோளாறு என்று முடிவு.

இந்தச் சோதனை கோளாறை எவ்வளவு நன்றாகப் பிடிக்கும்? அதைக் காட்டுவதுதான் திறன் வளைகோடு. படத்தின் கிடை அச்சில் உண்மையான சராசரி. செங்குத்து அச்சில், சோதனை ‘கோளாறு’ என்று சொல்வதற்கான வாய்ப்பு.

500-க்கு நேராக உயரம் 5 சதவீதம். அது வீண் பழி. இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது. 498-இல் விரலை வைத்து மேலே போனால் வெறும் 17. அதாவது, இரண்டு கிராம் குறைவு பெரும்பாலும் தப்பிவிடும்! 496-இல் 52, 494-இல் 85. மறுபக்கமும் இப்படியே ஏறுவதால் வளைகோடு கிண்ணம்போல இருக்கும்.

100 பாக்கெட்டுகளை நிறுத்து, எல்லைகளையும் அதற்கேற்பச் சுருக்கினால், 498-இல் 17 என்பது 52 ஆகும். ஆனால் அடியில் இருக்கும் 5 மாறாது.

படத்தை நம்புமுன் திட்ட விலக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது. அது உண்மையில் 15 கிராம் என்றால், எல்லைகளைத் திருத்தி வரைந்த படத்தில் 494-இன் 85 சதவீதம் 52-க்கு இறங்கிவிடும்.