வரப்பும் பதினொரு ஃபிளெக்ஸ் சதுரங்களும்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அவற்றில் பல வரப்போரத்தில் நின்றவை. தாத்தா நட்ட மரம், அதிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நம் எல்லை என்று இரண்டு தலைமுறையாகச் சொல்லிவந்த குடும்பங்களுக்கு மரத்தோடு எல்லையும் போய்விட்டது. அப்படி ஒரு மரத்தை இழந்த பங்காளிகள் இருவர், நான்கு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு சித்திரை மாதத்தில் எங்களை அழைத்தார்கள். டிரோன் பறக்கவிட்டு, தங்கள் நிலத்தையும் அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்துச் சுமார் 40 ஏக்கருக்கு வரப்புப் படம் எடுத்துத் தர வேண்டும் என்றார்கள்.

சித்திரை நல்ல காலம். சம்பா அறுத்து, உளுந்தும் பிடுங்கி முடிந்திருக்கும். வயல் வெறுந்தரையாகக் கிடக்கும். வரப்பு முதுகு தெரியும். பயிர் நிற்கும்போது பறந்தால் நெல்லின் தலைதான் படத்தில் விழும், வரப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

80 மீட்டர் உயரத்தில் பறந்தோம். எங்கள் கேமராவில் அந்த உயரத்திலிருந்து ஒரு படப்புள்ளி தரையில் 2.2 சென்டிமீட்டரைக் காட்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி கிட்டத்தட்ட 400 படங்கள் எடுத்தோம். மென்பொருள் அவற்றில் ஒரே கல்லை, ஒரே புல்தரையைப் பல கோணங்களில் அடையாளம் கண்டு, நிலத்தின் மேடுபள்ளத்தைக் கணக்கிட்டு, கேமராவின் சாய்வை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டித் தருகிறது. அதுதான் ஆர்த்தோமொசைக். சாதாரண வான்படத்தில் ஓரத்தில் உள்ள பொருள்கள் வெளிப்பக்கம் சாய்ந்து தெரியும். ஆர்த்தோவில் அந்தச் சாய்வு நேர் செய்யப்பட்டிருப்பதால் அதன்மேல் தூரமும் பரப்பும் அளக்கலாம்.

அளக்கலாம் என்றாலும் அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. சாதாரண டிரோனில் உள்ள ஜிபிஎஸ், கைப்பேசியில் இருப்பதைப் போலத்தான், சில மீட்டர் வரை தவறலாம். அதை மட்டும் வைத்து ஒட்டிய படம் கண்ணுக்குக் குறையே இல்லாமல் இருக்கும். வரப்பில் கிடக்கும் மண்வெட்டிகூடத் தெரியும். ஆனால் மொத்தப் படமும் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் வயலில் அந்த நகர்வு 1.9 மீட்டர். நகர்ந்த படத்திலும் ஒரு வயலின் பரப்பை அளந்தால் கிட்டத்தட்டச் சரியாகவே வரும். எல்லைக் கல்லின் அளவுகளோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் ஒருவர் வரப்பு அடுத்தவர் வயலில் போய் விழும்.

இதற்குத்தான் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். எங்கள் பையன்கள் சுருக்கமாக ஜிசிபி என்பார்கள். இரண்டடிச் சதுர ஃபிளெக்ஸ் துண்டில் சதுரங்கப் பலகை போல நான்கு கட்டம், இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. நான்கு கட்டமும் கூடும் நடுமுனைதான் புள்ளி. நான்கு மூலையிலும் ஆணி அடித்துத் தரையோடு இறுக்கிவிட்டு, ரோவர் கம்பத்தை நடுமுனையில் நிறுத்தி இடத்தை அளப்போம். ரோவர் என்பது துல்லியமான ஜிபிஎஸ். அருகில் அசையாமல் நிற்கும் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுக்கொண்டே தன் இடத்தைக் கணிக்கும். வானம் திறந்திருந்தால் இரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். ஃபிளெக்ஸ் பளபளப்பு இல்லாததாக இருப்பது முக்கியம். சித்திரை வெயிலில் பளபளக்கும் வெள்ளை படத்தில் கசிந்து பக்கத்துக் கறுப்பைத் தின்றுவிடும். நடுமுனை எங்கே என்று குறிக்க முடியாது.

அன்று 11 சதுரங்கள் கொண்டுபோயிருந்தோம். ஆறு, படத்தைத் தரையோடு கட்டிப்போட. மீதி ஐந்தையும் அதே கவனத்தோடு அளந்து, மென்பொருளிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டோம். படம் முடிந்த பிறகு அந்த ஐந்தும் படத்தில் எங்கே விழுந்திருக்கின்றன, ரோவர் எங்கே என்று சொன்னது என்று ஒப்பிடுவதற்கு. இவை சரிபார்ப்புப் புள்ளிகள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் பிழை குறைவு என்று மென்பொருள் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. அவற்றோடு ஒட்டிப் போகும்படிதான் படத்தையே வளைத்திருக்கிறது.

இதை அன்றைக்கே கண்ணால் பார்த்தோம். வயலுக்குள் வெடித்த களிமண்ணில் நடக்க அலுப்புப்பட்டு, எங்கள் ஆள் ஆறு கட்டுப்பாட்டுச் சதுரங்களையும் வாய்க்கால் கரை ஓரமாகவே ஒரே வரிசையில் போட்டுவிட்டார். அறிக்கையில் அந்த ஆறு புள்ளிகளின் பிழை 1.2 சென்டிமீட்டர். பார்த்தால் அற்புதம். சரிபார்ப்புப் புள்ளிகளை எடுத்துப் பார்த்தோம். கரை ஓரத்தில் இருந்த புள்ளி 3 சென்டிமீட்டர் தள்ளியிருந்தது, நடு வயலில் 9, எதிர்க் கோடியில் 21. உயரத்தில் இன்னும் மோசம், அந்தக் கோடியில் 70 சென்டிமீட்டர். பாயின் ஒரு ஓரத்தை மட்டும் ஆணியடித்து, மறு ஓரத்தைக் காற்றில் விட்ட கதை. பிழை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படிப்படியாக வளர்ந்தால் படமே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். புள்ளிகளின் இருப்பிடத்தை மாற்றாமல் அது தீராது.

மறுநாள் காலை நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று, மேற்கு ஓரத்தின் மத்தியில் ஒன்று என்று சதுரங்களைப் பிரித்துப் போட்டு, மறுபடி பறந்தோம்.

இந்த முறை ஐந்து சரிபார்ப்புப் புள்ளிகளில் நான்கு 2 முதல் 3.5 சென்டிமீட்டருக்குள் வந்தன. நாலாம் எண் புள்ளி மட்டும் 22. முன்பு பார்த்த பிழையிலிருந்து இதன் சாயலே வேறு. சுற்றியுள்ள புள்ளிகள் ஒழுங்காக இருக்க ஒன்று மட்டும் துள்ளினால், படத்தைச் சந்தேகிக்கும் முன் அந்த அளவைச் சந்தேகிக்க வேண்டும். களக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தப் புள்ளி மூங்கில் புதருக்குப் பக்கத்தில். ரோவர் திரையில் FIX என்று வருவதற்குப் பதில் FLOAT என்று இருந்தபோதே அளவெடுத்து எழுதியிருக்கிறார்கள். FLOAT என்றால் கருவி தன் இடத்தை இன்னும் உறுதி செய்துகொள்ளவில்லை. சாண் அளவுக்குப் பிசகலாம். ஆணிகள் அப்படியே இருந்ததால் சதுரத்தை அசைக்காமல், FIX வரும் வரை காத்திருந்து மறுபடி அளந்தோம். புதிய அளவு பழையதிலிருந்து 19 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. படத்தின் பிழை 4 சென்டிமீட்டராக இறங்கியது.

காரணம் தேடாமல் அந்தப் புள்ளியை அழித்துவிட்டிருந்தாலும் அறிக்கை அழகாகவே வந்திருக்கும். அப்படிச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒத்துவராத புள்ளியை நீக்கிக்கொண்டே போனால் எந்தப் படமும் துல்லியமான படம்தான்.

ஐந்து பிழைகளையும் ஒரே எண்ணாகச் சொல்ல ஆர்.எம்.எஸ்.இ. என்ற கணக்கு உண்டு. ஒவ்வொரு பிழையையும் தன்னோடு பெருக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. எங்கள் புள்ளிகள் 2.1, 3.4, 2.8, 4.0, 3.1. கணக்கு 3.1 சென்டிமீட்டர் என்று முடிந்தது. நாலாம் புள்ளியைத் திருத்தாமல் 22 ஆகவே விட்டிருந்தால் வெறும் சராசரி 6.7 என்று சாந்தமாகச் சொல்லும். இந்தக் கணக்கு 10.2 என்று காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு பெரிய தவறு மற்றவற்றின் நிழலில் ஒதுங்க இது விடாது. ஆனால் ஐந்து புள்ளி என்பது குறைந்த சாட்சி. அமெரிக்காவின் போட்டோகிராமெட்ரி சங்கம் 2023இல் வெளியிட்ட தர விதிகளில் துல்லியத்தை முறையாக அறிவிக்கக் குறைந்தது 30 சரிபார்ப்புப் புள்ளிகள் கேட்கிறது. அதனால் எங்கள் அறிக்கையில் எந்தத் தரத்தின் பெயரையும் எழுதவில்லை. ஐந்து புள்ளிகளில் இவ்வளவு பிழை என்று மட்டும் எழுதினோம்.

பிறகுதான் வரப்பைக் கோடாக வரையும் வேலை. இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. வரப்பு கோடு இல்லை. அடியில் 70 சென்டிமீட்டர் அகலமும் மேலே 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மண். ஒவ்வொரு வருஷமும் மண்வெட்டியால் ஓரம் கழிக்கும்போது கொஞ்சம் நகரவும் செய்யும். மேல்முதுகின் நடுவைக் கோடாக எடுப்பது என்று முடிவு செய்து, நானும் இன்னொருவரும் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல் ஒரே வரப்பைத் தனித்தனியே வரைந்தோம். இரண்டு கோடுகளுக்கும் இடையே 7 சென்டிமீட்டர் வரை வித்தியாசம். படத்தின் பிழையைவிட எங்கள் கண்ணின் பிழை பெரிது. இரண்டையும் சேர்த்தால் இந்தக் கோட்டை ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வரைதான் நம்பலாம். மரத்தடி வரப்புக்கு அதுவும் கிடையாது. கிளை மூடிய இடத்தில் மென்பொருள் தலையைத் தரை என்று நினைத்து இழுத்துவிடும். அங்கெல்லாம் ரோவரோடு நடந்து அளந்தோம்.

பங்காளிகளின் வரப்பு 96 மீட்டர் நீளம். வருவாய்த்துறையின் புலப்பட நகலை வாங்கி வைத்திருந்தார்கள். அதை ஸ்கேன் செய்து டிரோன் படத்தின்மேல் இழுத்துப் பொருத்தச் சொன்னார் பெரியவர். நான் மறுத்தேன். 2000க்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் ஒரு மீட்டர். கோட்டை நம்பாமல் அதில் எழுதியிருக்கும் தூரங்களை எடுத்துக்கொண்டோம். மூன்று கற்கள் மண்ணுக்குள் கிடைத்தன. அவற்றிலிருந்து அந்தத் தூரங்களின்படி நாலாவது மூலையைக் கணக்கிட்டால், சாய்ந்த தென்னை நின்ற கிழக்குக் கோடியில் இப்போதைய வரப்பு 55 சென்டிமீட்டர் தம்பி பக்கம் தள்ளியிருந்தது. மேற்குக் கோடியில் வித்தியாசமே இல்லை. நடுவே ஒரு மெல்லிய முக்கோணம்: 26 சதுர மீட்டர், முக்கால் சென்டுக்கும் குறைவு.

கணக்கிட்ட இடத்தில் ஒரு முளை அடித்தோம். பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இதுதான் எல்லையா தம்பி?”

“வரப்பு எங்க இருக்குன்னு நான் சொல்லலாம் ஐயா. எல்லை இதுன்னு சர்வேயர்தான் சொல்லணும். மனு குடுங்க, இந்த அளவையும் காட்டுங்க.”

மனு கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் தாலுகா சர்வேயர் வந்து தனியாக அளந்து கல் நட்டார். எங்கள் முளையிலிருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி. அடுத்த சித்திரையில் பக்கத்து ஊருக்காகப் பறந்தபோது அந்த வயலையும் ஒரு சுற்று சுற்றினோம். கல்லின் தலைக்கு யாரோ வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். படத்தில் ஏழு படப்புள்ளி அகலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது.