மழை சொல்லும் சாட்சி

வறுமை உள்நாட்டுப் போரைத் தூண்டுகிறதா, அல்லது போர்தான் நாட்டை வறுமையில் தள்ளுகிறதா? புள்ளிவிவரத்தை அடுக்கிப் பார்த்தால் இரண்டும் கைகோத்தே நிற்கும். ஊழல் மிக்க அரசு போன்ற மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் விளைவித்திருக்கவும் கூடும். ஒரு நாட்டை வேண்டுமென்றே ஏழையாக்கிப் பார்த்து விடை காணவும் முடியாது.

அந்த வேலையைத்தான் 2004இல் எட்வர்ட் மிகேல், ஷங்கர் சத்யநாத், எர்னஸ்ட் செர்ஜெண்டி மூவரும் மழையிடம் ஒப்படைத்தார்கள். சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான விவசாயம் வானம் பார்த்தது. மழை பொய்த்தால் வருமானம் சரியும். அதே சமயம், எந்த அரசும் எந்தக் கிளர்ச்சிப் படையும் மழையைத் தீர்மானிப்பதில்லை. இப்படி மனிதக் கை படாமல் நேரும் ஏற்றத்தாழ்வை ஆய்வாளர்கள் இயற்கைச் சோதனை என்கிறார்கள். இங்கே மழைக்குக் கருவி மாறி என்று பெயர்.

கணக்கு இரண்டு படிகளில் நடக்கிறது. பொருளாதார வளர்ச்சியின் ஏற்ற இறக்கத்தில் மழையால் வந்த பங்கு எவ்வளவு என்று முதலில் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு அந்தப் பங்கை மட்டும் போரோடு ஒப்பிடுகிறார்கள். 1981 முதல் 1999 வரை 41 ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்ததில், வளர்ச்சி 5 சதவீதப் புள்ளி சரிந்தால் அடுத்த ஆண்டில் மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதியளவு கூடுவதாகத் தெரிந்தது.

இந்த முறையில் ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நிறைவடைந்துவிடுகிறார்கள். மழைக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு வலுவானதா என்பதை எண்களே சொல்லிவிடும். சிக்கல் அடுத்த நிபந்தனையில் இருக்கிறது. மழை, வருமானத்தின் வழியாக மட்டுமே மோதலைத் தொட வேண்டும். வேறு வழி இருக்கக் கூடாது. கனமழையில் சாலை துண்டிக்கப்பட்டு ராணுவம் நகர முடியாமல் போனாலே கணக்கு தடுமாறும். இந்த நிபந்தனையை நேரடியாகச் சோதிக்க வழியில்லை, வாதத்தால்தான் நிறுவ வேண்டும்.

ஆனால் சுற்றி வளைத்துச் சோதிக்கலாம் என்று 2015இல் ஹெதர் சார்சன்ஸ் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது இந்தியாவின் இந்து–முஸ்லிம் கலவரங்களை. பாசன அணைகளுக்குக் கீழ்ப்புறம் இருக்கும் மாவட்டங்களில் மழை குறைந்தாலும் அணை நீர் கைகொடுக்கிறது. எனவே அங்கே வருமானம் மழையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. மழை வருமானத்தின் வழியாக மட்டுமே கலவரத்தைத் தூண்டுகிறது என்றால், இந்த மாவட்டங்களில் மழைக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு தளர்ந்திருக்க வேண்டும்.

தளரவில்லை. மற்ற மாவட்டங்களைப் போலவே அங்கும் மழைக்குறைவும் கலவரமும் சேர்ந்தே வந்தன. அடைமழையில் கூட்டம் சேர்வது கடினம் என்பது காரணமாக இருக்கலாம். அணையில்லாத அண்டை மாவட்டங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்களால் எழுந்த பதற்றமாகவும் இருக்கலாம். எதுவானாலும் வருமானத்தைத் தவிர்த்த இன்னொரு பாதை இருக்கிறது. இந்தச் சோதனை ஆப்பிரிக்க முடிவைப் பொய்யாக்கிவிடவில்லை. அங்கே நடப்பது வேறாக இருக்கலாம். ஆனால் மழையைக் கருவியாக எடுப்பவர், அது வேறு எந்தெந்த வழியாக வேலை செய்யக்கூடும் என்பதற்கு ஊர் ஊராகப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை அதற்குப் பின் வந்துவிட்டது.