திருப்புகழ் அடிகளில் மூச்சிடம் குறித்தல்

கந்தசஷ்டி நாட்களில் கொட்டாஞ்சேனைக் கோவில்களிலும் வெள்ளவத்தை மண்டபங்களிலும் திருப்புகழ் பாடக் கேட்போர் ஒரு குறையை அறிவர். அடியின் தொடக்கத்தில் நிமிர்ந்து ஒலித்த குரல் அதன் இறுதியை எட்டுமுன் தளர்கிறது. ஈற்றுச் சொல் விழுங்கப்படுகிறது. அடுத்த அடிக்கு முன் இரைப்புக் கேட்கிறது. குரல் வளம் போதாமையே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறுவர். பாடற்பிரதியில் மூச்சிடம் குறிக்கப்படாமையே பெரும்பாலும் காரணம் என்பது எமது கருத்து. குருவிடம் நெடுநாள் பயின்றவர் தம் ஆசிரியர் மூச்செடுக்கும் இடத்தைக் கேட்டே கற்றுக்கொள்கிறார். அச்சிட்ட தாளை மட்டும் கையிற் கொண்டு பாட வருவோருக்கு அந்த அறிவு கிட்டுவதில்லை. அதனைத் தாளிலே பதிப்பது எவ்வாறு என்பதை ஈண்டு நோக்குவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் பாடல்களைத் திரட்டி வ. த. சுப்பிரமணிய பிள்ளை 1894 இல் முதற் பாகத்தை வெளியிட்டார். இன்று நம் கைக்கு எட்டும் பதிப்புகளில் பாடலின் தலைப்பில் சந்தக் குழிப்பு இடம்பெறுகிறது. பெரும்பாலான பாடல்களில் ஒரே சந்தம் மும்முறை மடங்கி வர, அதனையடுத்துத் தொங்கல் என்னும் சிறு துண்டு நின்று முடிக்கும். இவ்வமைப்பே மூச்சுக்கணக்கின் அடிப்படையாகும்.

அருணகிரியார் வாக்கை எடுத்து வெட்டிக்காட்டாமல், பயிற்சியின் பொருட்டு யாமே ஓர் அடியை அமைத்துக்கொள்வோம். சந்தம்: தனன தான தனன தான தனன தான தனதானா. அடி:

அலையி னோசை யிரவி னோசை கடலி னோசை மறவேனே

முதலாவது வேலை மாத்திரை எண்ணுவது. 'அலையி' மூன்று, 'னோசை' மூன்று. இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகவே கொள்ளப்படும். ஆகவே ஒரு மடக்கு ஆறு மாத்திரை. மூன்று மடக்கும் பதினெட்டு. 'மறவேனே' ஆறு. மொத்தம் இருபத்துநான்கு. வினாடிக்கு நான்கு மாத்திரையாகப் பாடினால் அடி ஆறு வினாடியில் முடியும். மூன்றாகப் பாடினால் எட்டு. இரண்டாகப் பாடினால் பன்னிரண்டு. மூச்சிடம் என்பது பாடலுக்கு மட்டும் உரியதன்று, அது காலத்துக்கும் உரியது என்பது இதனாற் புலனாகும். எனவே பிரதியின் தலைப்பிற் காலத்தையும் எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது வேலை பதம் பிரித்து எழுதி, சந்தப் பிரிப்போடு ஒப்பிடுவது. அலையின் ஓசை, இரவின் ஓசை, கடலின் ஓசை மறவேனே. சந்தம் 'அலையி' என்ற இடத்தில் ஒரு சீரை முடிக்கிறது. ஆனால் சொல் அங்கு முடியவில்லை. அவ்விடத்தில் மூச்செடுப்பவர் சொல்லையே அறுத்துவிடுகிறார். இதனைத் தவிர்க்க எண்ணி 'அலையின்' என்று நிறுத்தினாலும் பயனில்லை. னகர மெய் முன் சீரிலே தங்கிவிடுவதால் 'தனன' என்பது 'தனனன்' ஆகிச் சந்தம் குலையும். சந்தமும் சொல்லும் ஒருங்கே முடியும் இடங்களே மூச்சுக்கு உரியவை. எமது அடியில் அத்தகைய இடங்கள், அடியின் இறுதி நீங்கலாக, மூன்று. ஒவ்வோர் 'ஓசை'யின் பின்னும் ஒன்று.

இம்மூன்றும் ஒரே தரத்தன அல்ல. முதலாவது இடத்தில் 'ஓசை', 'இரவின்' என்னும் இரு சொற்களையும் யகர உடம்படுமெய் இணைக்கிறது. அங்கு மூச்செடுத்தால் 'இரவின்' என்றே தொடங்கவேண்டும். மூச்சுக்குப் பின் 'யிரவின்' என்பது பிழை. மூன்றாவது இடம் தொங்கலுக்கு முன்னர் அமைவது. மெட்டு பெரும்பாலும் அங்கே இறங்குவதால் பலர் அறியாமலே மூச்செடுக்கும் இடம் அதுவே. ஆயின் 'கடலின் ஓசை' என்னும் செயப்படுபொருளையும் 'மறவேனே' என்னும் பயனிலையையும் அது பிரித்துவிடுகிறது. இரண்டாவது இடமோ புணர்ச்சி மாற்றம் இல்லாதது, பொருளைச் சிதைக்காதது, அடியைப் பன்னிரண்டு பன்னிரண்டு மாத்திரையாகச் சமமாகவும் பகுக்கிறது. ஆகவே அவ்விடத்தில் சிறுமூச்சைக் காட்டும் ஒற்றைக்கோடும், அடியிறுதியில் முழுமூச்சைக் காட்டும் இரட்டைக்கோடும் இடுகிறோம். தொங்கலுக்கு முன் மூச்சில்லை என்பதை இரு சொற்களையும் இணைக்கும் வளைகோட்டாற் காட்டலாம்:

அலையி னோசை யிரவி னோசை | கடலி னோசை⌒மறவேனே ||

மூன்றாவது வேலை மூச்சுக்கான காலத்தை எங்கிருந்து பெறுவது என முடிவு செய்வது. விதி எளியது: கடந்த எழுத்திலிருந்து கடன் பெறலாம், வரும் எழுத்திலிருந்து பெறலாகாது. வரும் எழுத்து தாமதித்தால் தாளம் தவறும். 'மறவேனே' என்பதன் ஈற்று ஏகாரம் இரண்டு மாத்திரை. அதை ஒன்றாகக் குறுக்கினால், வினாடிக்கு மூன்று என்னும் காலத்தில் வினாடியின் மூன்றிலொரு பங்கு கிடைக்கும். வாயைத் திறந்து ஓசையின்றி விரைந்து மூச்செடுப்பதற்கு அது போதும். வினாடிக்கு நான்கு என்னும் காலத்திற் கிடைப்பது கால் வினாடியே. முழுமூச்சுக்கு அது போதாது. அதற்குள் எடுக்க முயல்வதே இரைப்பாகக் கேட்கிறது. அத்தகைய வேகத்தில் முன்பாடுவோர் ஓர் அடியையும் பின்பாடுவோர் அடுத்த அடியையும் எடுத்துக்கொள்வதே தக்க வழி. மெதுவான காலத்தில் ஒற்றைக்கோட்டில் 'சை'யைப் பாதியாக்கினால் கிடைப்பதும் கால் வினாடிதான். ஆனால் அங்கு வேண்டுவது சிறுமூச்சே ஆதலால் அது போதுமானது. விரைவான காலத்தில் ஒற்றைக்கோட்டை அழித்துவிடலாம்.

குறிகள் மிகுந்தாலும் தீங்குண்டு. இருந்த காற்றைச் செலவிடுமுன்னரே ஒவ்வொரு கோட்டிலும் புதுக்காற்றை ஏற்றுபவரின் மார்பில் பழைய காற்று தேங்குகிறது. நான்கைந்து அடிகளின் பின் அவருக்கு மூச்சு முட்டும், காற்றில்லை என எண்ணி மேலும் இழுப்பார், முட்டல் மிகும். இவ்விரு குறைகளையும் வேறுபடுத்தி அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அடியின் இறுதியில் மூச்செடுக்காது நின்று, 'ஸ்' என்று எஞ்சிய காற்றை வெளிவிடச் செய்க. ஒலி உடனே அற்றுவிடின் தொடர் நீண்டுவிட்டது. ஒரு கோடு கூட்டுக அல்லது காலத்தை விரைவாக்குக. ஒலி பல வினாடி நீடித்தால் கோடுகள் மிகுதி, ஒன்றைக் குறைக்க. ஈற்றுச் சுரம் தாழ்தல், தோள் உயர்தல், கோட்டுக்கு முந்திய எழுத்துகளை அவசரமாகச் சொல்லுதல் ஆகியனவும் கோடு இடம் தவறியதைக் காட்டும்.

பாடும் இடத்தையும் கருதவேண்டும். கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசர் கோவில் சேர் பொன்னம்பலம் இராமநாதனாற் கருங்கல்லில் மீளக் கட்டப்பெற்றது. அத்தகைய கல் மண்டபத்தில் ஈற்றேகாரம் வாயை விட்டு நீங்கிய பின்னும் சிறிது ஒலித்து மூச்சின் இடைவெளியை மறைக்கும். வெள்ளவத்தையில் ஒலிவாங்கி முன் நின்று பாடுகையிலோ அவ்வுதவி கிட்டாது. மெல்லிய உள்மூச்சும் பெருகிக் கேட்கும். முன்னையதற்கு இட்ட குறிகளைப் பின்னையதில் மீண்டும் சோதித்தல் நன்று. குழுவாகப் பாடுமிடத்து, ஒரு பாதியினர் ஒற்றைக்கோட்டிலும் மறுபாதியினர் இரட்டைக்கோட்டிலும் மட்டும் மூச்செடுத்தால் ஓசை எங்கும் அறாது.

இம்முறைக்கு எல்லையுண்டு. சில பாடல்களில் ஓர் அடி முழுவதிலும் சொல்லும் சந்தமும் ஒருங்கே முடியும் இடம் கிட்டாது. அங்கே எதை விட்டுக்கொடுப்பது என்ற வினா எழும். சந்தம் ஓரிடத்தில் நெகிழ்ந்தாலும் அடுத்த மடக்கில் மீண்டும் நிலைபெறும். அறுந்த சொல்லைக் கேட்போர் தாமாகப் பொருத்திக்கொள்ள இயலாது. ஆதலாற் சொல்லைக் காப்பதே எமது தெரிவு.