திரையைக் காட்டி விளக்குதல்

ஒரு மென்பொருளின் திரையைச் சொற்களால் மட்டும் விளக்குவது கடினம். "மேலே இடப்பக்கத்தில் உள்ள பெட்டியில், இரண்டாவது வரிக்கு எதிரே உள்ள கீழ்நோக்கிய முக்கோணத்தைச் சொடுக்குக" என்று எழுதினால், படிப்பவர் அப்பெட்டியைத் தேடுவதிலேயே களைத்துவிடுவார். அதே திரையின் படத்தை அப்படியே ஒட்டிக் காட்டினாலும் பயன் குறைவுதான். அதில் உள்ள முப்பது நாற்பது சொற்களுள் எதைப் பார்ப்பது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எனப்படும் திரைப்பிடிப்பின்மேல் அம்புக்குறியும் கட்டமும் இட்டு, ஸ்லைடு எனப்படும் ஒரே படவில்லையில் விளக்கும் முறை இவ்விரண்டு இடர்களையும் நீக்குகிறது. அதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஒரு பள்ளியின் மாணவர் பட்டியல், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரைக்கோப்பாக இருக்கிறது எனக் கொள்வோம். அதன் பெயர் `pattiyal.csv`. உள்ளடக்கம் இவ்வாறு அமைந்துள்ளது:

```
எண்,பெயர்,ஊர்
001,அருண்,மதுரை
002,கயல்,தேனி
```

இக்கோப்பை லிப்ரே ஆபிஸ் தொகுப்பின் கால்க் என்னும் அட்டவணைச் செயலியில் திறந்தால், உடனே அட்டவணை தோன்றுவதில்லை. Text Import என்னும் உரையாடல் பெட்டி முதலில் எழுகிறது. பலர் அதைப் படிக்காமலே OK பொத்தானைச் சொடுக்கிவிடுவர். பெட்டியில் Character set என்னும் இடத்தில் Western Europe வகைக் குறியாக்கம் ஒன்று தேர்வாகியிருந்தால், "அருண்" என்னும் பெயர் à®… என்று தொடங்கும் பொருளற்ற குறிகளின் வரிசையாகிவிடும். அக்கோப்பை அந்நிலையிலேயே சேமித்துவிட்டால், பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களும் சிதைந்தவாறே நிலைத்துவிடக்கூடும்.

இச்சிதைவுக்குக் காரணம் எளியது. UTF-8 என்னும் ஒருங்குறி வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டு மதிப்புகளுள் ஒன்றாகவே இருக்கும். அவற்றை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் படிக்கும்போது, à® அல்லது à¯ என்னும் இணை மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. ஆகவே திரையில் இவ்விணை நிறைந்திருக்கக் கண்டால், கோப்பு கெடவில்லை, தவறான குறியாக்கத்தில் திறக்கப்பட்டிருக்கிறது என்று அறியலாம். கோப்பைச் சேமிக்காமல் மூடி, மீண்டும் சரியாகத் திறந்தால் போதும்.

இதைப் பிறர்க்கு விளக்கும் படவில்லையை இனி உருவாக்குவோம். படம் எடுக்கும் முன்பே, அது எந்த ஒரு வினாவுக்கு விடை கூற வேண்டும் என்பதை முடிவு செய்தல் வேண்டும். நம் வினா, "தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் பட்டியலைத் திறப்பது எப்படி?" என்பது. இதே பெட்டியில் வேறொரு சிக்கலும் உண்டு. எண் நெடுவரிசையின் வகையை Text என மாற்றாவிட்டால், 001 என்பது 1 என்றாகி முன்னுள்ள சுழியங்கள் மறைந்துவிடும். அதையும் இங்கேயே சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லக்கூடாது என்பதே என் கருத்து. அது வேறொரு வினா. அதற்கு வேறொரு படவில்லை வேண்டும். ஒரே படத்தில் இரண்டு வினாக்களின் அம்புகள் கலந்தால் பார்ப்பவர் இரண்டையுமே தவறவிடுவார்.

அடுத்து, திரைப்பிடிப்பு. முழுத் திரையையும் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது வீண். 1920 படப்புள்ளி அகலமுள்ள திரையை முழுதாகப் பிடித்து, படவில்லையின் பாதி அகலத்தில் வைத்தால், எழுத்துகள் பாதியளவாகச் சுருங்கும். கணினியின் அருகே அமர்ந்து படிப்பதற்கென அமைந்த சிறிய எழுத்து மேலும் பாதியானால், கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது வெறும் கோடாகவே தெரியும். விண்டோஸ் இயங்குதளத்தில் உரையாடல் பெட்டி முன்னே இருக்கும்போது Alt + Print Screen விசைகளை அழுத்தினால், அப்பெட்டி மட்டுமே படமாகப் பிடிபடும். பிறகு இம்ப்ரெஸ் செயலியில் வெற்றுப் படவில்லை ஒன்றைத் திறந்து, Ctrl + V அழுத்தி ஒட்டலாம்.

எதிர்முனைக்கும் சென்றுவிடக் கூடாது. Character set என்னும் ஒற்றை வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் அவ்வரி பெட்டியில் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. தம் கணினியில் அப்பெட்டியைக் காணும்போது, "இதுதான் அது" என்று பார்ப்பவர் அடையாளம் காண வேண்டும். அதற்குப் பெட்டியின் தலைப்புப் பட்டையும் ஓரங்களும் படத்தில் இருத்தல் வேண்டும். படத்தைப் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் அகல உயர விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்ப்ரெஸில் F4 விசையை அழுத்தினால் தோன்றும் பெட்டியில் Keep ratio என்பதைத் தேர்ந்துகொண்டு அளவை மாற்றலாம். படத்தைப் படவில்லையின் இடப்பக்கப் பாதியில் வைத்து, வலப்பக்கத்தை விளக்கங்களுக்கு ஒதுக்குவோம்.

இனிக் குறியிடுதல். நம் வினாவுக்கு விடை தரும் இடங்கள் மூன்றே. முதலாவது, Character set. அங்கே Unicode (UTF-8) தேர்வாகியிருக்க வேண்டும். இரண்டாவது, Separated by என்பதன்கீழ் உள்ள Comma. அது தேர்வாகாவிட்டால் எண்ணும் பெயரும் ஊரும் ஒரே நெடுவரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, பெட்டியின் அடிப்பகுதியில் உள்ள முன்னோட்டம். மூன்றனுள் இதுவே மிகவும் பயனுள்ளது என்பேன். முதலிரண்டும் செய்ய வேண்டியவற்றைக் கூறுகின்றன. இதுவோ செய்தது சரியா என்பதைக் காட்டுகிறது. அங்கே "அருண்" என்று தமிழில் தெரிந்தால் OK தரலாம்; à® தெரிந்தால் தரக்கூடாது. OK பொத்தானுக்கு அம்பு தேவையில்லை. அதை எவரும் தாமே கண்டுகொள்வர்.

ஒவ்வோர் இடத்தையும் சுற்றி ஒரு செவ்வகம் வரைவோம். இம்ப்ரெஸில் செவ்வகம் வரைந்தவுடன் அது உள்ளே நீல நிறம் நிரம்பியதாகத் தோன்றி, காட்ட விரும்பிய சொல்லையே மூடிவிடும். நிரப்பு நிறத்தை None என மாற்றி, கோட்டின் தடிமனை 3 புள்ளியாக்கி, நிறத்தை அடர்சிவப்பாக்கினால் சொல் வெளிப்படும். மஞ்சள் நிறம் கணினித் திரையில் எடுப்பாகத் தெரிந்தாலும், வெளிச்சமுள்ள வகுப்பறையில் புரொஜெக்டர் வழியே வெண்ணிறப் பெட்டியின்மேல் விழும்போது ஏறத்தாழ மறைந்துவிடும். சிவப்பு, பச்சை என இரு நிறங்களால் வேறுபாடு காட்டுவதும் பொருந்தாது. அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண்கள் பலருக்கு உண்டு. எல்லாக் கட்டங்களும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். வரிசையைக் காட்ட 1, 2, 3 என்னும் எண்களைச் சிறு வட்டங்களுக்குள் இடலாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் எண்கள் அழியா.

அம்பு விளக்கத்திலிருந்து புறப்பட்டுக் கட்டத்தின் ஓரத்தில் முடிய வேண்டும். அதன் முனை எழுத்தின்மேல் ஏறினால், சுட்டப்படும் பொருளே மறையும்; வெகு தொலைவில் நின்றால், எந்த வரியைச் சுட்டுகிறது என்பதில் ஐயம் எழும். அம்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லக் கூடாது. வலப்பக்க விளக்கங்களை, பெட்டியில் இடங்கள் அமைந்துள்ள அதே மேல்கீழ் வரிசையில் எழுதினால் இச்சிக்கல் எழவே எழாது. விளக்கம் ஒவ்வொன்றும் செயலைக் கூறும் சிறு தொடராக இருக்கட்டும்:

1. Character set: Unicode (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுக்க.
2. Comma என்பதில் மட்டும் குறியிடுக.
3. பெயர்கள் தமிழில் தெரிகின்றனவா எனப் பார்க்க.

திரையில் உள்ள பெயர்களை மொழிபெயர்க்காமல், திரையில் உள்ளவாறே எழுதியிருப்பதைக் கவனிக்க. "எழுத்துத் தொகுதி" என்று எழுதினால் தமிழ் நன்றாகவே இருக்கும்; ஆனால் பார்ப்பவர் அச்சொல்லைத் திரையில் தேடிக் காணமாட்டார். மென்பொருளின் இடைமுகமே தமிழில் இருந்தால், அத்திரையைப் பிடித்து, அதில் உள்ள தமிழ்ப் பெயரை எழுதுவதே முறை.

எளிதில் கண்ணுக்குத் தப்பும் இடர் ஒன்று இங்கே உண்டு. முன்னோட்டத்தில் தெரிவது உண்மையான மாணவர் பட்டியலாக இருந்தால், பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரியும் படவில்லையில் ஏறிவிடும். அவற்றின்மேல் கறுப்புக் கட்டம் வைத்து மறைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படவில்லைக் கோப்பைப் பெறுபவர் கட்டத்தை ஒருமுறை நகர்த்தினால் எல்லாம் வெளிப்படும். செயலிக்குள் படத்தின் ஓரத்தை வெட்டுவதும் இத்தகையதே. வெட்டிய பகுதி பெரும்பாலும் கோப்பினுள்ளே மறைந்திருக்கும். ஓரத்தை மீண்டும் இழுத்தால் திரும்ப வரும். எனவே, நாம் மேலே செய்ததுபோல, கற்பனைப் பெயர்கள் கொண்ட சிறு கோப்பு ஒன்றை உருவாக்கி, அதைத் திறந்து படம் பிடிப்பதே பாதுகாப்பானது.

முடிந்த படவில்லையைச் சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன. வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து, Character set என்னும் சொல்லைப் படிக்க முடிகிறதா எனப் பார்ப்பது ஒன்று. இப்பெட்டியை முன்பு பார்த்திராத ஒருவரிடம் படவில்லையை மட்டும் கொடுத்து, கோப்பைத் திறக்கச் சொல்லி, அருகில் பேசாமல் நிற்பது மற்றொன்று. அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, அங்கே அம்போ விளக்கமோ சரியில்லை. அவர் மூன்றாம் எண்ணைப் பார்க்காமலே OK சொடுக்கினால், அந்த விளக்கத்தை "OK சொடுக்கும் முன், பெயர்கள் தமிழில் தெரிகின்றனவா எனப் பார்க்க" என மாற்றுவது பயன் தரும்.

படவில்லையைச் சேமிக்கும் முன் Ctrl + A அழுத்தி அனைத்தையும் தேர்ந்து, Ctrl + Shift + G அழுத்தி ஒரே குழுவாக்கிக் கொள்ளலாம். இல்லையெனில், படத்தைச் சற்றே நகர்த்தும்போது அம்புகள் பழைய இடத்திலேயே நின்று, வேறு வரிகளைச் சுட்டத் தொடங்கும். குறியிடாத மூலத் திரைப்பிடிப்பையும் தனியே வைத்திருப்பது நல்லது. அதே படத்தைக் கொண்டு, 001 என்பதன் சுழியங்களைக் காக்கும் முறையை விளக்கும் அடுத்த படவில்லையைச் செய்யலாம்.