கடற்பாம்புக் கடியும் சிறுநீரகமும்

தமிழ்நாட்டில் பாம்புக் கடியால் சிறுநீரகம் செயலிழந்தது என்றால், பெரும்பாலும் கடித்தது கண்ணாடி விரியனாகவே இருக்கும். மலாக்கா மாநிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் அவ்விரியன் இல்லை. அங்கு அடிக்கடி தென்படும் நாகமோ பெரும்பாலும் தசையை அழுகச் செய்யும், நரம்பையும் தாக்கும். ஆனால் மெர்லிமாவ், ஜாசின் தோட்டங்களுக்கு அப்பால் மலாக்கா நீரிணை இருக்கிறது. அந்நீரிணையில் வலையோடு கரையேறும் கடற்பாம்பின் நஞ்சு, விரியனைப் போலவே சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. கெடுக்கும் வழிதான் வேறு.

விரியனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கடற்பாம்பின் நஞ்சு முதலில் தாக்குவது உடலின் தசைகளை. சிதைந்த தசைநாரிலிருந்து மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. அங்குள்ள நுண்குழாய்களில் அது கட்டிதட்டி வழியை அடைக்கிறது. அதிலுள்ள இரும்பு குழாய்ச் சுவரின் உயிரணுக்களைச் சேதப்படுத்துகிறது. நுண்ணிய இரத்த நாளங்களும் சுருங்குகின்றன. பினாங்குப் பொது மருத்துவமனை மருத்துவர் ஆலிஸ்டர் ரீட், கடற்பாம்புக் கடியில் மயோகுளோபின் சிறுநீரில் இறங்குவதை 1961-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. நஞ்சு ஏறாத கடிகளே மிகுதி. அதனால் பலர் பொருட்படுத்துவதில்லை. நஞ்சு ஏறியிருந்தால், அரை மணி முதல் சில மணி நேரத்திற்குள் கழுத்து, தோள், தொடை ஆகிய இடங்களில் தசைவலி தோன்றும். கை கால்களை அசைத்தால் வலி கூடும். வாய் திறப்பது கடினமாகும். சில மணி நேரம் கழித்துச் சிறுநீர் கடுந்தேநீர் நிறம் கொள்ளும். அதனை இரத்தம் என்று எண்ணுவது எளிது. சோதனைத் தாளும் இரத்தம் என்றே காட்டும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் இரா. அந்த முரண்பாடே மயோகுளோபினைக் காட்டிக் கொடுக்கிறது.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் வலையைப் பிரிக்கும்போது கடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறார் என்க. நச்சுமுறி மருந்தோடு, சிரை வழியே உப்புநீரும் செலுத்துவர். சிறுநீரைக் குழாய் வழியே சேகரித்து மணிதோறும் அளந்து எழுதுவர். கிலோவுக்கு அரை மில்லிலிட்டர் வீதம், மணிக்கு 30 மில்லிலிட்டராவது அவருக்கு இறங்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனால் அம்முடிவுக்கு வருமுன் குழாய் அடைபட்டுள்ளதா, நோயாளி போதிய நீரின்றி வறண்டுள்ளாரா என்று பார்த்தல் வேண்டும்.

போதிய நீர் செலுத்தியும் சிறுநீர் பெருகவில்லையெனில், மேலும் மேலும் ஊற்றுவது தீங்காகும். வெளியேற வழியற்ற நீர் நுரையீரலில் தேங்கி மூச்சைத் திணறச் செய்யும். தொடக்கத்தில் உயிர்காத்த நீரே பின்னர் ஆபத்தாவது இவ்விடத்தில்தான்.

இரத்தச் சுத்திகரிப்பு எப்போது தேவை? கிரியாட்டினின் அளவு ஏறிவிட்டது என்பது ஒன்றே போதிய காரணம் ஆகாது. மருந்துக்கு அடங்காமல் பொட்டாசியம் லிட்டருக்கு 6.5 மில்லிமோலைக் கடப்பது, நுரையீரலில் நீர் தேங்குவது, இரத்தத்தில் அமிலம் கடுமையாக மிகுவது, கழிவுகள் தேங்கி அறிவு மயங்குவது ஆகியவையே அதற்குரிய காரணங்கள்.

இவற்றுள் கடற்பாம்புக் கடியில் முந்துவது பொட்டாசியம். உடலின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி தசைகளுக்குள் அடங்கியிருப்பது. தசை சிதைந்தால் அது வெள்ளமென இரத்தத்தில் பாயும். இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடவும் கூடும். ஆகவே சிறுநீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சுத்திகரிப்பு தேவைப்படலாம். சிறுநீர் அளவை மட்டும் நம்பி, பொட்டாசியத்தையும் இதய மின்வரைபடத்தையும் மீண்டும் மீண்டும் பாராது விடுவது பிழை. இயந்திரம் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்புவதாயின், சிறுநீர் முற்றும் நிற்கும்வரை காத்திராது, அது கருத்த உடனேயே அனுப்புதல் நன்று.

சுத்திகரிப்பு சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதன்று. அது தானாகத் தேறும்வரை உயிரைத் தாங்கி நிற்பது. நுண்குழாய்களின் உயிரணுக்கள் மீண்டும் வளரும் இயல்புடையவை. பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் சிறுநீர் திரும்பப் பெருகுகிறது. அப்போதும் அளவை எழுதுவது நிற்கலாகாது. தேறத் தொடங்கிய சிறுநீரகம், முதலில் நீரையும் உப்பையும் அளவின்றி இழக்கச் செய்வதுண்டு.